அந்தப் பிள்ளையிடம் முதலில் என்ன சொன்னோம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நீர்வேலியில் படிப்பிக்கிற எங்களிடம் இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு நேரங்களில் கொண்டுவந்த ஒரு பிரச்சினையைப் பற்றியது. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் போடுகிறோம். தயவுசெய்து யார் அந்தப் பிள்ளை என்று கேட்டு இன்பொக்ஸுக்கு வரவேண்டாம்.

ஒரு நாள் மஃரிப் முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. எங்களிடம் முன்பு படித்த பிள்ளையின் தாய். பின்னால் பிள்ளை நின்றாள், வயது இருபது. தாய் உள்ளே வரவில்லை.

"ரீச்சர், ஒருக்கா இதைப் பாருங்கோ. இவள் எங்களை வெட்கப்படுத்திப் போட்டாள்" என்று போனை நீட்டினார்.

பிள்ளையின் பெயரில் ஒரு பேஸ்புக் கணக்கு. அதில் அவளுடைய முகம், வேறு யாருடையதோ உடம்பு. மெசேஞ்சரில் ஒரு செய்தி: ஐம்பதாயிரம் ரூபா குறிப்பிட்ட வங்கிக் கணக்குக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் பிரான்ஸில் இருக்கும் அண்ணனுக்கும் ஊரில் எல்லோருக்கும் படம் போகும். இருபத்து நான்கு மணித்தியாலம் தவணை. அதில் ஆறு மணித்தியாலம் ஏற்கனவே போய்விட்டது. வரும்வழியில் தாய் அவளுடைய சிம்மைக் கழற்றி உடைத்திருந்தார். கணக்கையும் மூடிவிடச் சொல்லியிருந்தார். நல்லவேளை, பிள்ளை இன்னும் மூடவில்லை.

அந்த நேரம் எங்களுக்கு நினைவுக்கு வந்தது சேலத்தில் நடந்த சம்பவம். 2016 ஜூன் மாதம், தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்தில், இரசாயனவியல் படித்த 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருத்தியின் முகத்தை ஒட்டிய ஆபாசப் படம் பேஸ்புக்கில் வந்தது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. இறந்த பிறகும் அவளைப் பெயரால் தேடுகிறார்கள். பெற்றோர் பொலிஸுக்குப் போனார்கள், 23ஆம் திகதி முறைப்பாடு கொடுத்தார்கள். படம் உடனே இறங்கவில்லை. பேஸ்புக்கிடமிருந்து விபரம் வரவேண்டும் என்று நாட்கள் போயின. சைபர் பிரிவில் இருந்த ஒருவர் இந்த வேலைக்குக் கைமாறாக ஒரு கைபேசி வாங்கினார் என்று பிறகு தெரியவந்தது. இதற்கிடையில் இரண்டாவது படமும் வந்தது. 27ஆம் திகதி அவள் உயிரை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் வேலை வேகமெடுத்தது. சில நாட்களில் அந்தப் பகுதி இளைஞன் ஒருவன் கைதானான். மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இதில் எங்கள் மனதில் நின்றது பொலிஸின் தாமதத்தை விட இன்னொரு விடயம். அவள் எழுதிவைத்த கடிதத்தில், தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்றும், தன் வீட்டார் தன்னை நம்பவில்லை என்றும் எழுதியிருந்தாள். அந்தத் தகப்பன் மகளுக்காகப் பொலிஸ் படியேறியவர். அவர் மகளை வெறுத்தவர் இல்லை. ஆனாலும் அந்த முதல் நாட்களில் வீட்டுக்குள் கேட்கப்பட்ட கேள்விகள் அவளிடம் "உன்னை நம்பவில்லை" என்றே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே அன்று எங்கள் வீட்டு வாசலில் நாங்கள் முதலில் செய்தது போனைப் பார்ப்பது இல்லை. பிள்ளையைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, "மகள், இது உனக்கு ஒருத்தன் செய்த குற்றம். நீ செய்ததில்லை. நாங்கள் உன்னோட இருக்கிறம்" என்று சொன்னோம். தாயிடம், "அக்கா, இண்டைக்கு இரவு ஏன், எப்படி எண்டு ஒரு கேள்வியும் கேக்க வேண்டாம். நாளைக்குக் கேக்கலாம்" என்றோம். தாய் அப்போதுதான் உள்ளே வந்து இருந்தார்.

ஆனால் அந்த இரவு நாங்கள் ஒரு பிழையும் விட்டோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்த நாற்பது நிமிடம் ஆதாரம் எடுப்பதில் போனது. இந்த ஒழுங்கு முக்கியம். பெரும்பாலானவர்கள் முதலில் ரிப்போர்ட் பண்ணுவார்கள், அல்லது புளொக் பண்ணுவார்கள். ரிப்போர்ட் வேலை செய்தால் படமும் கணக்கும் மறைந்துவிடும், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. புளொக் பண்ணினால் அந்தக் கணக்கை நீங்களே திரும்பப் பார்க்க முடியாது. ஆகவே முதலில் ஆதாரம், அதன் பிறகு ரிப்போர்ட், அதற்கும் பிறகுதான் புளொக். பதிலும் அனுப்பக்கூடாது. கெஞ்சினாலும் ஏசினாலும், பயப்படுகிறாள் என்பதுதான் அவனுக்குத் தெரியவரும்.

தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. பிள்ளையின் போனில் எடுக்கும் படங்கள் தானாகவே கூகுள் போட்டோஸுக்குப் போகும்படி இருந்தது. அதே கணக்கு தம்பியின் போனிலும் திறந்திருந்தது. நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷொட்டும் தம்பியின் போனில் போய் நின்றிருக்கும். முதலில் அதை நிறுத்தினோம்.

பிறகு ஸ்கிரீன்ஷொட். ஒன்றையும் வெட்டிச் சுருக்காமல், மேலே நேரம் தெரியும்படி முழுத் திரையாக எடுத்தோம். போலிக் கணக்கின் முகப்பு, படம் இருந்த பதிவு, அதன் கீழ் வந்த கருத்துகள், மிரட்டல் செய்திகள் தொடக்கத்திலிருந்து கடைசி வரை, வங்கிக் கணக்கு இலக்கம் இருந்த செய்தி தனியாக. அந்த வங்கி இலக்கம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆதாரம். பேஸ்புக் கணக்கை யாரும் எந்தப் பெயரிலும் திறக்கலாம். வங்கியில் கணக்குத் திறக்க அடையாள அட்டை கொடுத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு லிங்க். இதைத்தான் நிறையப் பேர் விடுகிறார்கள். போலிக் கணக்கின் பெயரை எழுதி வைப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். கணக்கின் முகப்பில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் அந்தக் கணக்கின் லிங்கைப் பிரதி எடுக்க முடியும். அது facebook.com/profile.php?id= என்று தொடங்கி ஒரு நீண்ட இலக்கத்தில் முடிந்தது. அந்த இலக்கத்தைக் கொப்பியிலும் கையால் எழுதினோம். அடுத்த நாள் காலை பார்த்தபோது கணக்கின் பெயரும் முகப்புப் படமும் மாறியிருந்தன. இலக்கம் மாறவில்லை. பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால் அன்றோடு தடயம் போயிருக்கும்.

கடைசியாக ஒரு திரைப் பதிவு. போனிலேயே இருக்கும் திரைப் பதிவு வசதியைத் தொடங்கி, மேலிருந்து கீழே இழுத்துத் திகதியைக் காட்டி, பேஸ்புக்கைத் திறந்து, அந்தக் கணக்குக்குப் போய், படத்தையும் லிங்கையும் செய்திகளையும் ஒரே ஓட்டத்தில் காட்டி முடித்தோம். தனித்தனி ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்து "நீங்களே செய்தது" என்று ஒருவர் சொல்லலாம். ஒரே தொடராக ஓடும் பதிவைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம்.

கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, திகதி, நேரம், என்ன வந்தது, யார் முதலில் பார்த்தார், எந்த லிங்க் என்று வரிசையாக எழுதினோம். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு உறையில் ஒட்டி, திகதி எழுதி, அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அந்தப் படத்தை எங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. "ஆதாரமா இருக்கட்டும், எனக்கும் ஒருக்கா அனுப்பு" என்று கேட்கிற மாமா, மச்சான் யாருக்கும் அனுப்பக்கூடாது. அனுப்பினால் அது ஆதாரம் ஆவதில்லை, இன்னொரு பிரதிதான் ஆகும். பிள்ளை பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்றால், அந்தப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதுமே குற்றம்.

போனையும் விற்கவோ, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவோ வேண்டாம். எங்கள் நாட்டில் கணினி வழிச் சான்றுக்கென்று 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அப்படியான சான்றை வழக்கில் முன்வைப்பதென்றால் விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்னமே மற்றத் தரப்புக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அந்தக் கருவியைப் பார்வையிடக் கேட்கலாம். போன் இல்லையென்றால் ஸ்கிரீன்ஷொட் தனியே தள்ளாடும்.

இனி நாங்கள் விட்ட பிழை.

தாய் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது, "இது பொய்ப் படம்தானே ரீச்சர்?" என்பதுதான். நாங்கள் வீட்டு அல்பத்தைக் கொண்டுவரச் சொன்னோம். தங்கையின் சாமத்தியவீட்டில் எடுத்த படம் ஒன்றை ஒரு மச்சாள் பேஸ்புக்கில் போட்டிருந்தாள். அதையும் போலிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தலை சாய்ந்திருந்த கோணம் அச்சொட்டாக ஒன்று. ஒரு காதில் தோடு திரும்பியிருந்தது, போலியிலும் அப்படியே. நெற்றியில் விழுந்திருந்த மயிர்க்கற்றையும் அதே. கழுத்துக்குக் கீழே தோலின் நிறம் வேறு, வெளிச்சம் விழுந்த பக்கமும் வேறு. மூலப் படம் கையில் இருந்தால் ஒட்டு வேலை என்பதை ஒரு நிமிடத்தில் காட்டலாம். அதனால் அந்த மூலப் படத்தையும் அழிக்க வேண்டாம், அதுவும் ஆதாரம்.

தாய் அழுதுகொண்டே பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். நாங்களும் சந்தோசத்தில், "அல்ஹம்துலில்லாஹ், பொய்ப்படம். எங்கட பிள்ளை அப்படிப்பட்டவள் இல்லை" என்று சொன்னோம். அதைப் பாடசாலையில் ஆசிரியர் அறையிலும், பெயர் சொல்லாமல், இரண்டு மூன்று பேரிடம் சொன்னோம்.

நான்கு மாதத்துக்குப் பிறகு இன்னொரு பிள்ளை வந்தாள். அவளுடையது ஒட்டுப் படம் இல்லை. உண்மைப் படம். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குப் பேச்சுக் கேட்டிருந்தார்கள். நிச்சயித்த பிறகு அவன் கேட்டுக் கேட்டு வாங்கியது. சம்பந்தம் முறிந்ததும் அதே படத்தை வைத்து மிரட்டினான். அவள் மூன்று தடவை காசு அனுப்பியிருந்தாள், ஒவ்வொரு தடவையும் கேட்கும் தொகை கூடியது. கடைசித் தடவை காதுத் தோட்டை அடைவு வைத்திருக்கிறாள்.

"ஏன் முதலே வரேல்லை, மகள்?" என்று கேட்டோம்.

"நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்களாம், பொய்ப்படம் எண்டபடியால் அந்தப் பிள்ளை நல்லவள் எண்டு. என்ர படம் பொய்யில்லையே."

எங்களுக்குப் பதில் வரவில்லை. முதல் பிள்ளையைக் காப்பாற்ற நாங்கள் பிடித்த கயிறு இரண்டாவது பிள்ளையின் கழுத்தை இறுக்கியிருக்கிறது. படம் பொய் என்பதை நாங்கள் அவளுடைய மானத்துக்குச் சாட்சியாக ஆக்கிவிட்டோம். அப்படியென்றால் படம் உண்மையானவளுக்கு மானம் இல்லை என்றுதானே அர்த்தம். அவள் ஒரு ஆளை நம்பிக் கொடுத்தாள். கொடுத்தது சரியா பிழையா என்பது அவளுக்கும் அவளுடைய மனச்சாட்சிக்கும் இடையில் உள்ளது. நம்பிக் கொடுத்ததை எடுத்துக் காசு பறிப்பது குற்றம். சட்டத்துக்கும் இந்த இரண்டு படத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. காட்டுவேன் என்று பயமுறுத்திக் காசு கேட்பது தண்டனைச் சட்டக்கோவை 372ஆம் பிரிவில் சொல்லப்படும் கப்பம் பெறல். பாலியல் தொந்தரவுக்கு 345ஆம் பிரிவு இருக்கிறது. இந்தப் பிரிவுகள் எதிலும் "படம் பொய்யாக இருந்தால் மட்டும்" என்று எழுதியிருக்கவில்லை.

ஆகவே இப்போது நாங்கள் யாரிடமும் "பொய்ப்படம்தானே" என்று கேட்பதில்லை. பொலிஸில் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதிலும் மாற்றிச் சொல்லக்கூடாது. உண்மைப் படத்தை ஒட்டு வேலை என்று சொல்லிவிட்டால், பிறகு வழக்கில் அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லா உண்மையையும் தட்டிவிடுவார்கள்.

"படம் போடாமல் இருந்திருந்தால் வந்திருக்காது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். முதல் பிள்ளை தன் படத்தைப் போடவில்லை, போட்டது மச்சாள். இந்தியாவில் 2022 ஜனவரி 1ஆம் திகதி நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் சாதாரணப் படங்களை எடுத்து, அவர்களை ஏலம் விடுவது போல ஒரு செயலியில் போட்டார்கள். தலை மூடிய பெண்களின் படங்களும் அதில் இருந்தன. ஊடகவியலாளர் இஸ்மத் ஆரா தன் படத்தை அதில் பார்த்ததும் ஒளித்து வைக்கவில்லை. ஸ்கிரீன்ஷொட்டோடு டெல்லிப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார், அதைப் பகிரங்கமாகவும் சொன்னார். மற்றப் பெண்களும் சேர்ந்து பேசினார்கள். சில நாட்களுக்குள் பெங்களூர், உத்தரகாண்ட், அசாம் என்று வெவ்வேறு இடங்களில் இளம் வயதுக்காரர்கள் கைதானார்கள். அந்தப் பெண்கள் வெளியில் சொன்னதும், ஏலம் விட்டவர்கள்தான் ஒளிய வேண்டியதாயிற்று.

இனி படத்தை இறக்குவது. ஆதாரம் எடுத்த அன்றிரவே பேஸ்புக்கில் ரிப்போர்ட் பண்ணினோம். கணக்கை "என்னைப் போல் நடிக்கிறது" என்றும், படத்தைத் தனியாக ஆபாசப் படம் என்றும், இரண்டாக. கணக்கை மட்டும் ரிப்போர்ட் பண்ணினால் போதாது, அதே படம் வேறு கணக்கில் வரும். இரண்டு நாளில் இறங்கியது.

அதோடு StopNCII.org என்ற தளத்தையும் பாவித்தோம். இங்கிலாந்தில் இப்படியான பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்று 2021 டிசம்பரில் தொடங்கியது. எங்களுக்கு முதலில் பயமாக இருந்தது, இந்தப் படத்தைப் போய் இன்னொரு தளத்தில் ஏற்றுவதா என்று. ஆனால் படம் போனை விட்டு வெளியே போவதில்லை. படத்தைத் தெரிவு செய்தால், போனிலேயே அதற்கு ஒரு கைரேகை போல எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் உருவாகிறது. அது மட்டும்தான் போகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்று இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்த அடையாளத்தோடு பொருந்தும் படம் வந்தால் பார்த்துத் தடுக்கும். ஒட்டு வேலை செய்த படத்துக்கும் உண்மைப் படத்துக்கும் இதில் இடம் உண்டு. முடிவில் ஒரு வழக்கு இலக்கமும் ஒரு பின் இலக்கமும் தரும். பின் இலக்கம் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. கொப்பியில் எழுதுங்கள்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான். அதற்குக் குறைந்த வயதில் எடுத்த படம் என்றால் takeitdown.ncmec.org என்ற தளம் இதே வேலையைச் செய்கிறது. வட்ஸ்அப் குழுவுக்குள் கைக்குக் கை போவதை இந்தத் தளங்கள் பிடிக்காது. படத்தை நன்றாக வெட்டி மாற்றினால் கைரேகையும் மாறிவிடும். எங்களுக்கே அது நடந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு முகத்தை மட்டும் பெரிதாக்கி வெட்டிய பிரதி ஒன்று புதுக் கணக்கில் வந்தது. அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, லிங்க் எழுதி, புதிய பிரதிக்கும் கைரேகை எடுத்துக் கொடுத்தோம். கூகுளில் பெயரைத் தேடினால் படம் வருகிறது என்றால், தேடல் முடிவிலிருந்து அகற்றக் கேட்கும் படிவம் கூகுளிலேயே இருக்கிறது. போலிப் படங்களுக்கும் அதில் கேட்கலாம்.

காசு கொடுக்கவில்லை. இருபத்து நான்கு மணித்தியாலம் முடிந்தது, அந்த இரவு ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. ஆனால் தவணை முடிய முன்பே நாங்கள் ஒரு வேலை செய்திருந்தோம். பிரான்ஸில் இருக்கும் அண்ணனுக்குத் தாயே போன் எடுத்து, "தம்பி, தங்கச்சியிட முகத்தை ஒட்டி ஒருத்தன் படம் செய்து காசு கேக்கிறான். உனக்கும் அனுப்புவான். திறக்காதை, ஆருக்கும் அனுப்பாதை, அனுப்பின ஆளின்ர லிங்கை மட்டும் எனக்கு அனுப்பு" என்று சொன்னார். அடுத்த நாள் அண்ணனுக்குப் படம் போனது. அண்ணன் லிங்கை அனுப்பினான். மிரட்டுகிறவனின் கையில் இருந்தது "உன் வீட்டுக்குச் சொல்வேன்" என்ற ஒரே ஆயுதம். வீட்டுக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டதால் அவனிடம் வேறொன்றும் இருக்கவில்லை. இரண்டு நாளில் செய்தி நின்றது. இரண்டாவது பிள்ளைக்கு இந்த வழி இல்லாமல் போனதற்கு, வீட்டுக்குத் தெரியக்கூடாது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்குத்தான் அவள் மூன்று தடவை காசு கொடுத்தாள்.

பொலிஸுக்கு மூன்றாவது நாள் போனோம். முதலில் இருந்தவர், "ஏன் தங்கச்சி இப்பிடிப் படமெல்லாம் போடுறனீங்கள்?" என்று கேட்டார். நாங்கள் தர்க்கம் பண்ணவில்லை. "சிறுவர் பெண்கள் பிரிவில் பெண் உத்தியோகத்தரிடம் சொல்ல விரும்புறம்" என்றோம். அந்த உத்தியோகத்தர் கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாக எழுதினார். நீங்கள் போகும்போது பென்டிரைவ், கொப்பி, போன், மூலப் படம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பென்டிரைவில் இரண்டாவது பிரதி வீட்டில் இருக்கட்டும். போனைச் சான்றுப் பொருளாக எடுத்தால் அதற்கு எழுத்தில் பற்று வாங்குங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும், கையெழுத்து வைக்கும் முன் முழுக்க வாசியுங்கள். வங்கி இலக்கமும் அந்தப் பேஸ்புக் இலக்கமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவேண்டாம். அந்த இலக்கம் இல்லாவிட்டால் நாளைக்கு வழக்கைப் பற்றிக் கேட்க உங்களுக்குப் பிடியில்லை.

உள்ளூரில் வேலை நகரவில்லை என்றால், கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம். படத்தை இறக்குவது எப்படி என்று கேட்க 101 இலக்கத்தில் இலங்கை சேர்ட் இருக்கிறது. பிள்ளை பதினெட்டு வயதுக்குக் குறைவென்றால் 1929. பெண்களுக்கு 1938. hithawathi.lk என்ற தளம் இப்படியான பிரச்சினைக்கென்றே இருக்கிறது.

வழக்கு இன்னும் முடியவில்லை. வங்கிக் கணக்கு வேறொருவரின் பெயரில் இருந்ததாம், அவரை விசாரிக்கிறார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எங்களுக்கு ஆசைதான், ஆனால் முடியவில்லை.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிள்ளை இரண்டு கிழமை வாசலுக்கு வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, இரவில் போனை நூறு தரம் திறந்து படம் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். அந்த வேலையை நாங்கள் அவளிடமிருந்து எடுத்தோம். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பின்னேரம் ஐந்து மணிக்கு, அவளுடைய அக்கா தேடிப் பார்ப்பார். வந்திருந்தால் அக்காவே ஸ்கிரீன்ஷொட் எடுத்து ரிப்போர்ட் பண்ணுவார். பிள்ளை பார்க்கத் தேவையில்லை. ஐந்தாவது நாளிலிருந்து அவள் நித்திரை கொண்டாள். தனியே விடவில்லை. "செத்தால் நல்லம்" என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் அதை வாய்ப்பேச்சாக எடுக்க வேண்டாம், நேரடியாகக் கேளுங்கள், பக்கத்தில் இருங்கள். 1926 இலக்கத்தில் இரவும் பகலும் கதைக்கலாம். யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போகலாம்.

பிள்ளைக்கு ஒரே ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தோம். கடையிலோ பஸ்ஸிலோ யாராவது கேட்டால், "ஓம், ஒருத்தன் செய்தவன். பொலிஸில குடுத்திருக்கிறம்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முதல் தடவை கடையில் சொன்னபோது கை நடுங்கியதாம். மூன்றாவது தடவை கேட்டவர்தான் தலையைக் குனிந்தாராம்.

ஊரவர்களிடம் ஒரே கேள்வி. அந்தப் படம் இறங்க இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளில் அதை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் "பாவம் இந்தப் பிள்ளை, கவனமா இருங்கோ" என்று எழுதிப் போட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பலர் நல்லவர்கள். எங்களோடு ஒரே சஃப்பில் தொழுகிறவர்களும், கோயில் தேருக்கு வடம் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் படம் ஒன்றுதான். உங்களுக்கு வந்தால் அழியுங்கள். அனுப்பியவருக்கு "இது பொலிஸில இருக்கிற விசயம், அழியுங்கோ" என்று ஒரு வரி போடுங்கள். பிள்ளையின் வீட்டுக்குப் போவதென்றால் படத்தைப் பற்றிக் கேட்காமல் போங்கள்.

இரண்டாவது பிள்ளையின் தோடு இன்னும் அடைவில் இருக்கிறது. அவளும் இப்போது முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். காசு அனுப்பிய மூன்று பற்றுச்சீட்டையும் அவள் எறியாமல் வைத்திருந்தாள், அதுதான் இப்போது அவளுடைய பலமான ஆதாரம். நேற்று வீட்டுக்கு வந்து இந்தப் பதிவை வாசித்துவிட்டு, "ரீச்சர், என்ர படம் உண்மை எண்டதையும் எழுதுங்கோ. இல்லாட்டி என்னைப் போல இருக்கிறவள் வரமாட்டாள்" என்றாள்.

எழுதியிருக்கிறோம்.